ஒரு வாக்கியத்துக்குள் எத்தனை பேர்?

நம் தோட்டப்புறத்தில் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தால் பிரஜாவுரிமை பெற்ற குடும்பங்கள் ஏராளம். அந்தச் சட்டத்தில் யாருக்குப் பிரஜாவுரிமை என்று சொல்லும் பிரிவு ஆங்கிலத்தில் ஒரே ஒரு நீண்ட வாக்கியம். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு எழுதிப் பழக வருகிறவர்களுக்கு நான் முதலில் கொடுக்கும் பாடம் அதுதான். ஹட்டனிலும் நோர்வூட்டிலும் எவருக்கும் அது அந்நியமான விஷயமில்லை. பிழை விட்டால் அது யாரைப் பாதிக்கும் என்பதும் உடனே தெரிந்துவிடும்.

அந்த ஆங்கில வாக்கியம் போகிற வரிசையைப் பாருங்கள். முதலில் ஆள் வருகிறார், இந்திய வம்சாவளியைச் சேர்ந்த ஒருவர். அடுத்ததாகவே அவர் இலங்கைப் பிரஜை என்ற முடிவு வந்துவிடுகிறது. பிறகு எந்த நாளிலிருந்து என்பதும், மற்றப் பிரஜைகளுக்குள்ள உரிமைகள் அவருக்கும் உண்டு என்பதும் வருகின்றன. கடைசியில்தான் நிபந்தனை. அவர் 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வசிப்பவராக இருக்க வேண்டும். அல்லது அப்படி வசித்த ஒருவரின் வழித்தோன்றலாக, இப்போது இலங்கையில் வசிப்பவராக இருக்க வேண்டும். அந்தத் திகதி சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள்.

முடிவை முன்னால் சொல்லிவிட்டதால், ஆங்கிலம் படிப்பவர் பின்னால் வருவதை ஒவ்வொன்றாக வாங்கிக்கொள்ளலாம். தமிழில் வினை கடைசியில் நிற்கும். அதே சரக்கை ஒரே வாக்கியத்தில் கொண்டுவந்தால் இப்படித்தான் ஆகும் (இது பயிற்சிக்காக நான் எழுதியது, வர்த்தமானியில் வந்ததல்ல):

"1964 ஒக்டோபர் 30ஆம் திகதியிலிருந்து இலங்கையில் நிரந்தரமாக வசித்துவருபவராகவோ அல்லது அவ்வாறு வசித்துவரும் ஒருவரின் தற்போது இலங்கையில் வசிக்கும் வழித்தோன்றலாகவோ உள்ள இந்திய வம்சாவளியைச் சேர்ந்த ஒருவர், இச்சட்டம் நடைமுறைக்கு வரும் திகதியிலிருந்து, ஏனைய பிரஜைகள் சட்டப்படி உரித்துடைய உரிமைகள் அனைத்துக்கும் உரித்துடைய இலங்கைப் பிரஜையின் அந்தஸ்தை உடையவராவார்."

இலக்கணத்தில் குற்றமில்லை. ஆனால் யாரைப் பற்றிய பேச்சு என்று தெரிவதற்கே பாதி வாக்கியம் கழிந்துவிடுகிறது. அவருக்கு என்ன கிடைக்கிறது என்பதற்குக் கடைசிச் சொல்வரை காத்திருக்க வேண்டும். அதுவரை மூன்று 'வசித்தல்'களையும் இரண்டு 'உரித்துடைய'வையும் மனத்தில் சுமக்க வேண்டும்.

இந்தச் சுமை தாங்காமல் சிலர் வாக்கியத்தைச் சுருக்குவார்கள். பிழை அங்கேதான் நுழைகிறது. "1964 முதல் இலங்கையில் வசிக்கும் வம்சாவளியினரும் வழித்தோன்றல்களும்" என்று எழுதினால், 1964 யாருக்குரியது? தமிழில் அடைமொழி முன்னால் நிற்பதால், 'உம்' சேர்த்த இரண்டு பேரையும் அது பிடித்துக்கொள்ளும். பொகவந்தலாவையில் 1980இல் பிறந்த ஒரு பெண் எப்படி 1964 முதல் வசித்திருக்க முடியும்? சட்டம் திறந்துவிட்ட கதவை அந்தச் சுருக்கம் அவளுக்குச் சாத்திவிடுகிறது.

'அவர்களின் வழித்தோன்றல்களும்' என்று திருத்தினால் அந்தக் குறை தீரும், வேறொன்று வரும். 'இப்போது இலங்கையில் வசிக்கும்' என்ற நிபந்தனை காணாமல் போகும். அது சும்மா போட்ட சொற்றொடர் அல்ல. யுத்தத்தால் தமிழ்நாட்டுக்குப் போய் அகதி முகாம்களில் இருந்த வம்சாவளியினர் அதனால்தான் வெளியே நின்றார்கள். அவர்களுக்கு வழிசெய்ய 2009இல் சட்டத்தையே திருத்த வேண்டியிருந்தது.

இப்படிப்பட்ட வாக்கியத்தைக் கையில் எடுத்ததும் நான் சொற்களை எண்ணுவதில்லை, ஆட்களைத்தான் எண்ணுவேன். இதன் இரண்டாவது நிபந்தனையில் இரண்டு பேர் இருக்கிறார்கள்: பிரஜாவுரிமை கேட்பவர், அவருடைய முன்னோர். 1964 முன்னோருக்கு உரியது. 'இப்போது' கேட்பவருக்கு உரியது. ஆள் மாறும் இடத்தில் வாக்கியத்தை வெட்ட வேண்டும். வெட்டி எழுதினால்:

"இந்திய வம்சாவளியைச் சேர்ந்த ஒருவருக்குக் கீழே உள்ள இரண்டில் ஒன்று பொருந்தினால், இந்தச் சட்டம் நடைமுறைக்கு வரும் நாளிலிருந்து அவர் இலங்கைப் பிரஜை. ஒன்று, அவர் 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசிப்பவர். இரண்டு, அவர் இப்போது இலங்கையில் வசிப்பவர். அத்துடன் அவருடைய பெற்றோரிலோ முன்னோரிலோ ஒருவர் அந்த நாளிலிருந்து இங்கே நிரந்தரமாக வசித்தவர். இப்படிப் பிரஜையானவருக்கு, மற்றப் பிரஜைகளுக்குச் சட்டம் தரும் எல்லா உரிமைகளும் உண்டு."

இதில் இரண்டு வேலை நடந்திருக்கிறது. 'இன்னாரின் வழித்தோன்றல்' என்று மேலிருந்து கீழே வந்த உறவை, 'அவருடைய முன்னோர்' என்று கீழிருந்து மேலே திருப்பியிருக்கிறேன். அதனால் தொடக்கம் முதல் முடிவு வரை நம் கண்முன் இருப்பவர் பிரஜாவுரிமை கேட்பவரே. மற்றது, முதல் வாக்கியத்திலேயே 'இரண்டில் ஒன்று பொருந்தினால்' என்று கொக்கி போட்டிருக்கிறேன். வெட்டி எழுதுவதில் உள்ள பெரிய ஆபத்து, முதல் வாக்கியத்தை மட்டும் படித்துவிட்டு ஒருவர் போய்விடுவது. நிபந்தனை இன்னும் வரவிருக்கிறது என்று அந்த வாக்கியமே சொல்லிவிட வேண்டும்.

இது துண்டுப்பிரசுரத்துக்கும் விளக்கவுரைக்குமான தமிழ். சட்டத்தின் மூலப் பாடத்தை நாம் இப்படி உடைத்துப் போட முடியாது. நம் சட்டங்களின் இறுதியில், சிங்கள, தமிழ்ப் பாடங்களிடையே ஒவ்வாமை வந்தால் சிங்களப் பாடமே மேலோங்கும் என்ற வாசகம் வழக்கமாக இருக்கும். சிங்களத்திலும் வினை கடைசியில்தான் வரும், அடைமொழி முன்னால்தான் வரும். சிங்களம் வாசிக்கத் தெரிந்தவர்கள் தமிழில் சந்தேகம் வந்த இடத்தைச் சிங்களப் பாடத்தோடு வைத்துப் பாருங்கள். ஒரே முடிச்சை அவர்கள் எப்படி அவிழ்த்திருக்கிறார்கள் என்று தெரியும்.

சம்பள விஷயத்திலும் இதே கதை. 2016 கூட்டு ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் 500 ரூபாவாக இருந்தது. அதற்கு மேல் 60 ரூபா வரவுக் கொடுப்பனவு இருந்தது. வேலை கொடுக்கப்பட்ட நாட்களில் 75 வீதமாவது வந்திருந்தால்தான் அது கிடைத்தது. ஆங்கிலத்தில் 75 வீதம் முதலில் வரும், 'தோட்டம் வேலை கொடுத்த நாட்கள்' அதன் பின்னால் தொங்கும். அதை அப்படியே புரட்டி, "தோட்டம் வேலை வழங்கும் 75 வீதத்துக்குக் குறையாத நாட்களில் வேலைக்கு வருபவர்" என்று எழுதினால் 75 வீதம் தோட்டம் கொடுக்கும் வேலையோடு ஒட்டிக்கொள்ளும். எதில் 75 வீதம் என்ற கணக்கே போய்விடும்.

பேச்சுத் தமிழில் இதற்கு நல்ல வழி இருக்கிறது. "மாதத்தில் தோட்டம் எத்தனை நாள் வேலை கொடுத்ததோ, அதில் முக்கால்வாசி நாளாவது வந்தவருக்கு இந்தக் கொடுப்பனவு உண்டு." 'எத்தனையோ, அதில்' என்று இரண்டாகப் பிரிக்கும்போது மொத்தம் முதலில் வருகிறது, பங்கு பிறகு வருகிறது. கணக்குப் போடுகிற வரிசையும் அதுதான். 24 நாள் வேலை கொடுத்தால் 18 நாள் வர வேண்டும். மழையோ கொழுந்துக் குறைவோ வந்து 20 நாள்தான் கொடுத்தார்கள் என்றால் 15 நாள் போதும்.

எழுதியது சரியா என்று பார்க்க, பிரட்டுக்களத்தில் நாலு பேருக்கு வாசித்துக் காட்டுங்கள். "விளங்குதா?" என்று கேட்பதில் பயனில்லை, எல்லாரும் தலையாட்டுவார்கள். "20 நாள் வேலை குடுத்தா எத்தனை நாள் வரணும்க்கா?" என்று கேளுங்கள். 15 என்றால் வாக்கியம் சரி. 18 என்று பதில் வந்தால் திரும்பவும் எழுதத்தான் வேண்டும்.