அறுவதற்கு முன் ஏன் வளைகிறது கோடு?

2 மீட்டர் நீளம், 1 மில்லிமீட்டர் விட்டம் உள்ள மென்மையான எஃகுக் கம்பி ஒன்றை உத்தரத்தில் கட்டி, நுனியில் 5 கிலோ எடையைத் தொங்கவிடுங்கள். கம்பி எவ்வளவு நீளும்?

5 கிலோ என்பது சுமார் 49 நியூட்டன் விசை. கம்பியின் குறுக்குப் பரப்பு 0.785 சதுர மில்லிமீட்டர். விசையைப் பரப்பால் வகுத்தால் 62 வருகிறது. இதுதான் தகைவு. நீட்சியை மூல நீளத்தால் வகுத்தால் கிடைப்பது திரிபு. தகைவைத் திரிபால் வகுத்தால் யங் குணகம். எஃகுக்கு இது சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 2 லட்சம் நியூட்டன். கணக்குப் போட்டால் நீட்சி 0.62 மில்லிமீட்டர். கண்ணுக்குத் தெரியாது, நுண்ணளவிக்குத்தான் தெரியும்.

எடையைக் கூட்டிக்கொண்டே போய்த் தகைவையும் திரிபையும் வரைபடத்தில் குறித்தால், முதலில் நேர்கோடு. அதன் சரிவுதான் யங் குணகம். இந்த எல்லைக்குள் எடையை எடுத்தால் கம்பி பழைய நீளத்துக்குத் திரும்பிவிடும். 20 கிலோ வாக்கில், அதாவது தகைவு 250ஐ எட்டும்போது, கம்பி 2.5 மில்லிமீட்டர் நீண்டிருக்கும். அதற்குப் பிறகு எடை கூடாமலே கம்பி இழுபட ஆரம்பிக்கிறது. இது இளகு புள்ளி. 20 மில்லிமீட்டர் நீண்டபின் எடையை எடுத்தால், 2.5 மில்லிமீட்டர்தான் திரும்பும். மிச்சம் 17.5 நிரந்தரம்.

மேலும் இழுத்தால் கம்பி இறுகி, கோடு மறுபடி ஏறும். தகைவு 400ஐ ஒட்டி உச்சம் வருகிறது. அதன்பின் கோடு கீழே இறங்கி, அறுகிறது. அறும் நேரத்தில் உலோகம் பலவீனமாகிவிட்டதா? இல்லை. உச்சத்துக்குப் பின் கம்பி ஓரிடத்தில் மட்டும் கழுத்துப்போல் மெலிகிறது. நாமோ விசையை இன்னும் மூலப் பரப்பாலேயே வகுத்துக்கொண்டிருக்கிறோம். மெலிந்த கழுத்தின் பரப்பால் வகுத்தால் தகைவு அறும்வரை ஏறிக்கொண்டேதான் இருக்கும்.

எடை தொங்கவிடும் சோதனையில் இந்த இறக்கத்தைப் பார்க்கவே முடியாது. உச்சம் தாண்டியதும் தொங்கும் எடை குறையாது; 32 கிலோ வாக்கில் கம்பி பட்டென்று அறுந்துவிடும். நீட்சியைச் சீரான வேகத்தில் கூட்டி, விசையை அளக்கும் இயந்திரம்தான் கோட்டின் கடைசிப் பகுதியை வரைந்து காட்டும்.

வீடு கட்டுபவருக்கு இதில் வேலை உண்டு. கம்பியில் பொறித்திருக்கும் Fe 500 என்பதில் 500 என்பது உறுதியளிக்கப்படும் குறைந்தபட்ச இளகு வலிமை. அறும் வலிமை அல்ல. Fe 500D என்றால் அறுவதற்கு முன் குறைந்தது 16 சதவீதம் நீள வேண்டும். D இல்லாததற்கு 12 போதும். யங் குணகம் இரண்டுக்கும் ஒன்றுதான். வித்தியாசம் கோட்டின் வால் பகுதியில் இருக்கிறது. நிலநடுக்கத்தில் கூரை உடனே விழாமல் வளைந்து எச்சரிக்க, அந்த வால் நீளமாக இருக்க வேண்டும்.