பத்திரம் பதிவாகும் முன்பே பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும்

அப்பா நிலத்தை விற்றுவிட்டார் என்பது பெரும்பாலான பிள்ளைகளுக்கு மூன்றாம் மனிதர் சொல்லித்தான் தெரிகிறது. வாங்கியவர் வேலி போட ஆள் கொண்டுவந்து இறக்கியிருப்பார், அல்லது பட்டாவில் பெயர் மாறியிருக்கும். அதன் பிறகே வக்கீலைத் தேடி ஓடுகிறார்கள். “பூர்வீகச் சொத்து, எங்கள் கையெழுத்து இல்லாமல் எப்படி விற்கலாம்?” என்பதுதான் அவர்களுடைய முதல் கேள்வி. சட்டம் தரும் பதில் பலரும் நினைப்பதைவிடச் சிக்கலானது. பிள்ளைகளுக்கு உரிமை உண்டு. ஆனால் அது எல்லா நிலத்துக்கும் பொருந்தாது, விற்ற முழு நிலத்தையும் மீட்டுத் தராது, விற்பனை முடியும்வரை பெரும்பாலும் பயன்படுத்தவும் முடியாது. இந்தக் கடைசிக் குறையைத் தமிழக அரசு சட்டம் இயற்றிச் சரிசெய்ய வேண்டும் என்பதே நம் கருத்து.

முதலில், எது பூர்வீகச் சொத்து? தாத்தா காலத்திலிருந்து இருக்கிறது என்பதாலேயே ஒரு நிலம் சட்டத்தின் கண்ணில் பூர்வீகமாகிவிடாது. ஒரே ஊரில் அடுத்தடுத்து இரண்டு வயல்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் வயலைத் தாத்தா 1968-ல் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கினார். உயில் எழுதாமல் 1985-ல் இறந்தார். அவர் மகனுக்கு அந்த வயல் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 8-வது பிரிவின்படி வந்து சேர்ந்தது. அப்படி வந்தது அவருடைய தனிச் சொத்து. அவருடைய பிள்ளைகளுக்கு அதில் பிறப்புரிமை கிடையாது. 1978-ல் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு இப்படித்தான் தீர்ப்பளித்தது. 1986-ல் உச்ச நீதிமன்றமும் இந்தக் கருத்தையே ஏற்றது. இந்த வயலை அப்பா நாளைக்கே விற்றாலும் பிள்ளைகளால் சட்டப்படி எதுவும் செய்ய முடியாது.

இரண்டாவது வயல் நான்கு ஏக்கர். அது கொள்ளுத்தாத்தாவுடையது. அந்த வாரிசுரிமைச் சட்டம் 1956-ல் வருவதற்கு முன்பே, 1951-ல் அவர் இறந்துவிட்டார். தாத்தாவுக்கு வந்த அந்த நிலத்தை அவரும் மகன்களும் 1975-ல் பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து பிரித்துக்கொண்டார்கள். அதில் நான்கு ஏக்கர் அப்பாவின் பங்காக வந்தது. பத்திரத்தில் அவர் பெயர், பட்டாவில் அவர் பெயர், தண்டல் ரசீதிலும் அவர் பெயர். இருந்தாலும் அவருக்குப் பிள்ளைகள் பிறந்தபோதே அந்த நிலத்தில் அவர்களுக்கும் பங்கு பிறந்துவிட்டது. இதைப் போலவே 1956-க்கு முன் வந்து, பின்னர் பிரிக்கப்பட்ட ஒரு பஞ்சாப் நிலத்தைத் தந்தை விற்றதை 2019-ல் உச்ச நீதிமன்றம் மகனின் வழக்கில் ரத்து செய்தது. விற்பனைக்குக் குடும்பத் தேவை எதுவும் இருக்கவில்லை; பணமே கைமாறவில்லை என்று தந்தையே ஒப்புக்கொண்டிருந்தார்.

ஆக, வழக்குப் போட நினைப்பவர் முதலில் தேட வேண்டியது மூலப் பத்திரத்தையும், முன்னோர் இறந்த ஆண்டையும். பட்டா அதைச் சொல்லாது. வில்லங்கச் சான்றிலும் இறந்த தேதி இருக்காது. (பிறப்பால் வரும் இந்த உரிமை இந்துச் சட்டத்துக்கு உட்பட்டவர்களுக்கே உரியது, இஸ்லாமியருக்கும் கிறித்தவருக்கும் அப்படியொன்று இல்லை.)

இந்த இரண்டாவது வயலை அப்பா 2014-ல் விற்றார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு இரண்டு மகன்கள், ஒரு மகள். மகள்களை விட்டுவிட்டுப் பேசுவது நம் ஊர்களில் இன்னும் பழக்கமாக இருக்கிறது. தமிழ்நாடு 1989-லேயே திருமணமாகாத மகள்களுக்குப் பிறப்பால் பங்கு தந்தது. 2005-ல் வந்த மத்தியத் திருத்தம் அதை எல்லா மகள்களுக்கும் விரித்தது. எனவே அப்பாவையும் சேர்த்து நான்கு பங்கு, ஆளுக்கு ஒரு ஏக்கர்.

பிள்ளைகளைக் கேட்காமலே நான்கு ஏக்கரையும் விற்கக் குடும்பக் கர்த்தாவுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் குடும்பத்துக்கு உண்மையான தேவை இருந்திருக்க வேண்டும், அல்லது விற்பதால் குடும்பச் சொத்துக்கு நன்மை விளைந்திருக்க வேண்டும். மருத்துவச் செலவு, மகளின் கல்யாணம், படிப்பு, விவசாயக் கடன், வரி பாக்கி எல்லாம் தேவையில் சேரும். அப்பாவின் சூதாட்டக் கடன் சேராது. 1856-ல் பிரிவி கவுன்சில் வகுத்த இந்த அளவுகோல்தான் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. தேவை இருந்ததென்று மெய்ப்பிக்க வேண்டியவர் வாங்கியவர். குறைந்தபட்சம் நல்லெண்ணத்தோடு தக்கபடி விசாரித்துத்தான் வாங்கினேன் என்றாவது அவர் காட்ட வேண்டும். கொடுத்த பணம் கடைசி ரூபாய்வரை எப்படிச் செலவானது என்று காட்டும் பொறுப்பு மட்டும் அவருக்கு இல்லை.

தேவை இருந்ததாக நிரூபணமானால் வழக்கு அதோடு முடிந்தது. சம்மதம் கேட்கவில்லை என்பது ஒரு குறையே ஆகாது. நிரூபணமாகாவிட்டால் நிலைமை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். வட இந்தியாவின் சில பகுதிகளில் முழு விற்பனையும் விழுந்துவிடும். சென்னை மாகாணத்தின் பழைய வழக்குப்படி, பங்காளி ஒருவர் தன் பிரிபடாத பங்கைப் பணத்துக்கு விற்கலாம். எனவே நம் எடுத்துக்காட்டில் அப்பாவின் ஒரு ஏக்கர் வாங்கியவருக்குப் போய்விடும். மீதி மூன்று ஏக்கரை மட்டுமே பிள்ளைகள் மீட்க முடியும். எந்த ஒரு ஏக்கர் யாருடையது என்று பிரிக்க இன்னொரு சுற்று பாகப்பிரிவினை நடக்கும். வாய்க்கால் ஓரமா, உள்ளேயா என்று அங்கேயும் சண்டை வரும்.

தந்தை செய்த விற்பனையை எதிர்த்து வழக்குப் போட, வாங்கியவர் நிலத்தைச் சுவாதீனம் எடுத்த நாளிலிருந்து 12 ஆண்டு அவகாசம் உண்டு. காலவரையறைச் சட்டத்தின் 109-வது கூறு இதைச் சொல்கிறது. கணக்கு பத்திரத் தேதியிலிருந்து தொடங்குவதில்லை. 2014 ஜூனில் சுவாதீனம் எடுத்திருந்தால் மூத்த மகனுக்கு 2026 ஜூனோடு காலம் முடிகிறது. விற்றபோது இரண்டு வயதாக இருந்த இளைய மகனுக்கோ 2030-ல் 18 வயது முடிந்த பிறகு மேலும் மூன்று ஆண்டு, அதாவது 2033 வரை வாய்ப்புண்டு. அதுவரை அவன் காத்திருக்கத் தேவையில்லை; தாய் அவன் சார்பில் இன்றே வழக்குத் தொடுக்கலாம்.

சட்டம் இதுவரை சொன்னது நியாயமற்றது என்று நாம் சொல்லவில்லை. அப்பா மருத்துவமனையில் கிடக்கும்போது பணத்துக்காக நிலத்தை விற்கப் பிள்ளை ஒவ்வொருவரின் கையெழுத்தும் வேண்டும் என்றால், மனஸ்தாபத்தில் இருக்கும் ஒருவனே குடும்பத்தை முடக்கிவிடுவான். 1988-ல் உச்ச நீதிமன்றம் இந்தக் கவலையை வைத்துத்தான் தீர்ப்பளித்தது. கர்த்தா நிலத்தை விற்கவே கூடாது என்று பங்காளி நிரந்தரத் தடை கேட்க முடியாது. விற்ற பிறகு எதிர்த்து வழக்குப் போடலாம் என்றது. சொத்தைப் பாழாக்கினாலோ பங்காளியை வெளியேற்றினாலோ மட்டும் தடை கேட்க இடம் விட்டது.

அந்தத் தீர்ப்பின் கவலை சரி. விளைவு சரியில்லை. விற்பனை நடக்கப்போவது தெரிந்த மகனுக்கு முன்கூட்டியே எஞ்சும் ஒரே வழி, பாகப்பிரிவினை கேட்டுத் தந்தைமேலேயே வழக்குத் தொடுப்பது. அந்த வழக்கு நிலுவையில் இருக்கும்போது நிலத்தை வாங்குபவர் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவராவார். ஒரே ஒரு விற்பனையைக் கேள்வி கேட்பதற்காகக் குடும்பத்தையே பிரிக்க வேண்டியிருக்கிறது. தெரியாத மகனுக்கு அந்த வழியும் இல்லை. நிலம் கைமாறி, வீடு எழும்பி, மூன்றாவது கைக்கும் போன பிறகு, பல ஆண்டுகளுக்கு முந்தைய தேவை உண்மையா பொய்யா என்று நீதிமன்றம் தேட வேண்டியிருக்கிறது. அதற்குள் கடன் கொடுத்தவர் இறந்திருப்பார், ரசீது தொலைந்திருக்கும். பஞ்சாபில் 1960-ல் ஒரு தந்தை நிலத்தை விற்றார். மகன் 1964-ல் வழக்குப் போட்டார். உச்ச நீதிமன்றம் 2018-ல்தான் இறுதித் தீர்ப்புச் சொன்னது. கடனைத் தீர்க்கவும் விவசாயத்தை மேம்படுத்தவும் விற்றார், எனவே செல்லும் என்றது. இந்தப் பதிலுக்கு 54 ஆண்டுகள் ஆகின. ஜெயித்த பக்கமும் அத்தனை ஆண்டுகளும் தன் பட்டாவை நம்ப முடியாமல்தான் இருந்திருக்கும்.

நம் ஊர் கிரயப் பத்திரங்களைப் பாருங்கள். “குடும்பச் செலவுக்காகவும் சில்லறைக் கடன்களைத் தீர்ப்பதற்காகவும்” என்ற வாசகம் அச்சுப்போல எல்லாவற்றிலும் இருக்கிறது. அந்த வாசகம் மட்டும் தேவைக்குச் சான்று ஆகிவிடாது என்று நீதிமன்றங்கள் மீண்டும் மீண்டும் சொல்லிவிட்டன. ஆனாலும் பத்திரம் எழுதுபவர் அதையே எழுதுகிறார், வாங்குபவர் அதையே நம்பிப் பணம் கொடுக்கிறார். மூத்த மகனைச் சாட்சிக் கையெழுத்துப் போட வைத்தால் போதும் என்றும் சிலர் நினைக்கிறார்கள். சாட்சிக் கையெழுத்து மட்டுமே சம்மதமாகிவிடாது. பத்திரத்தில் இருப்பது தெரிந்து ஒப்புக்கொண்டார் என்று காட்டினால்தான் அவரைக் கட்டுப்படுத்தும்.

சட்டம் கேட்க வேண்டியது பெரிதல்ல. விவசாய நிலத்தையும் வீட்டையும் விற்பவர், அது தனக்கு எப்படி வந்தது என்பதை மூலம்வரை பத்திரத்தில் எழுத வேண்டும். பிரிபடாத குடும்பச் சொத்தென்றால் பங்குள்ள மகன், மகள் பெயர்களையும், எந்தத் தேவைக்காக எவ்வளவு என்பதையும் சொல்ல வேண்டும்: எந்த வங்கிக் கடன், எந்த மருத்துவமனைக் கட்டணம் என்று. வயது வந்த பங்காளிகளுக்குப் பதிவுக்கு 30 நாள் முன்பு எழுத்தில் அறிவிப்புப் போக வேண்டும். மைனர் பிள்ளைக்குரியது தாய்க்குப் போக வேண்டும். உயிர் காக்கும் அவசரத்துக்கு அந்தக் காலத்தைச் சில நாட்களாகச் சுருக்கிக்கொள்ளலாம்.

இது பிள்ளைகளுக்குத் தடை அதிகாரம் தருவதாகாது. சார்பதிவாளரை நீதிபதியாக்குவதும் ஆகாது. தேவை உண்மையா என்று அவர் தீர்மானிக்க வேண்டாம், அறிவிப்புப் போனதா என்று பார்த்தால் போதும். எதிர்ப்பிருந்தால் பிள்ளை நீதிமன்றத்துக்குப் போகட்டும். அறிவிப்புக் கிடைத்த பங்காளி விற்பனைக்கு முன்பே அந்த ஒரு விற்பனைக்கு மட்டும் இடைக்காலத் தடை கேட்கச் சட்டம் வெளிப்படையாக இடம் தர வேண்டும். அதற்கு ஈடாக, அறிவிப்பு வந்தும் வாய் திறக்காத வயது வந்த பிள்ளைக்குப் பின்னால் 12 ஆண்டு தேவையில்லை, ஓராண்டு போதும். முறைப்படி அறிவித்து வாங்கியவருக்கு இப்போது இல்லாத நிம்மதி இதனால் கிடைக்கும். அறிவிப்பே போகாத பிள்ளைக்கும் மைனருக்கும் பழைய காலக்கெடு அப்படியே இருக்கட்டும்.

பிறப்புரிமை என்ற ஏற்பாட்டையே எடுத்துவிட்டால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். கேரளம் 1975-ம் ஆண்டுச் சட்டத்தால் இந்துக் கூட்டுக் குடும்ப முறையையே ஒழித்தது உண்மைதான். ஆனால் குடிக்கு அடிமையான ஒரு தந்தையின் குடும்பத்தில் அந்த ஒரு ஏக்கர் உரிமைதான் தாயும் பிள்ளைகளும் பிடித்துக்கொள்ளும் ஒரே பிடிமானம். 8-வது பிரிவால் வரும் நிலங்கள் ஏற்கெனவே தனிச் சொத்தாகிவிட்டதால் பிறப்புரிமை தலைமுறைக்குத் தலைமுறை தானாகவே சுருங்கி வருகிறது. மிஞ்சியிருப்பதைப் பறிக்க நாம் சம்மதிக்க மாட்டோம்.

கூட்டுக் குடும்பமும் பாகப்பிரிவினையும் பத்திரப் பதிவும் அரசியல் சட்டத்தின் பொதுப் பட்டியலில் இருக்கின்றன. நாடாளுமன்றம் மகள்களுக்குப் பங்கு தருவதற்கு 16 ஆண்டு முன்பே தமிழகச் சட்டமன்றம் தந்ததும் இந்த அதிகாரத்தை வைத்துத்தான். மத்தியச் சட்டத்தோடு முரண்படும் இடங்களுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். அதற்கான மசோதாவை வருவாய், பதிவு, சட்டத் துறைகள் கூடி எழுதி, அடுத்த கூட்டத்தொடரிலேயே பேரவையில் வைக்க வேண்டும்.