எடைச் சீட்டு ஒன்று போதாது

லாரி எடையில் குறைவு என்று சொல்லி, சரக்கு அனுப்பியவர் பில்லில் பிடித்தம் செய்யும் பழக்கம் நம்மவர்களிடம் அதிகமாகிக்கொண்டே போகிறது. அதில் பாதிக்கு மேல் தவறான பிடித்தம் என்பது என் கருத்து. இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், அந்தத் தவறை நானே செய்து, இருபது வருடத்துக்கு மேல் பழகிய ஒரு மில்காரரின் மனத்தை நோகடித்தவன் என்பதுதான்.

எங்கள் மண்டிக்கு குல்பர்காவிலிருந்து, அதாவது இப்போதைய கலபுரகியிலிருந்து, துவரம் பருப்பு வருகிறது. பத்து சக்கர லாரி. 50 கிலோ மூட்டை 300. அங்குள்ள எடை மேடையில் காலி வண்டி 9,240 கிலோ. பாரம் ஏற்றிய பின் 24,270 கிலோ. கழித்தால் நிகரம் 15,030. பருப்பு 15,000, பிளாஸ்டிக் சாக்கு ஒன்றுக்கு நூறு கிராம் வீதம் 30 கிலோ. கணக்கு சுத்தமாக இருந்தது.

லாரி சேலம் வந்து சேர்ந்ததும் வழக்கம்போல் இங்குள்ள ஒரு எடை மேடையில் ஏற்றினோம். 24,020 என்று சீட்டு வந்தது. எங்கள் கணக்குப்பிள்ளை உடனே அந்தச் சீட்டிலிருந்து மில்காரர் அனுப்பிய காலி வண்டி எடை 9,240-ஐக் கழித்தார். 14,780. அதாவது 250 கிலோ குறைவு. கிலோ நூறு ரூபாய் என்று வைத்தாலும் 25,000 ரூபாய். நான் மறுபேச்சின்றி டெபிட் நோட் போடச் சொல்லிவிட்டேன். மில்காரர் தொலைபேசியில் சண்டை போடவில்லை. "உங்களுக்குக் குறைத்து அனுப்பி நான் என்ன கட்டிக்கொள்ளப் போகிறேன்" என்ற பொருளில் ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அது சண்டையைவிட மோசமாக இருந்தது.

கணக்கில் இருந்த முதல் ஓட்டையைக் காட்டியவர் லாரி டிரைவர். நாமக்கல்காரர். வாடகை வாங்க வந்தவர் எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ஏனுங்க முதலாளி, அங்கிருந்து இவ்வளவு தூரம் வண்டி தண்ணியிலயா ஓடியிருக்கும்?" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஏற்றும் இடத்தில் காலி எடை போடுவதற்கு முன்பே டாங்கியை நிரப்பியிருக்கிறார். வழியில் எங்கும் டீசல் போடவில்லை. ஏறத்தாழ 800 கிலோமீட்டர், லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் என்றால் 200 லிட்டர் எரிந்திருக்கிறது. டீசல் தண்ணீரைவிட லேசு. லிட்டர் சுமார் 830 கிராம். ஆக 166 கிலோ எடை சாலையில் புகையாகப் போயிருக்கிறது. அது பருப்பு அல்ல. பாரத்தோடு போட்ட இரண்டு எடைகளை ஒப்பிட்டால் இந்த 166 கிலோ குறையத்தான் செய்யும். அதே வண்டியின் காலி எடையும் இங்கே அதே 166 குறைந்துதான் இருக்கும். அதை அங்கே போட்ட எடையிலேயே வைத்துக் கழித்தால், எரிந்த டீசல் முழுவதும் பருப்புக் குறைவாகக் கணக்கில் ஏறிவிடுகிறது.

மொத்த எடையும் காலி எடையும் ஒரே மேடையில், ஒரே தடவையில் போட்டிருக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரு மேடை எப்போதும் 40 கிலோ கூடுதலாகக் காட்டுகிறது என்று வையுங்கள். பாரத்தோடும் 40 கூடும், காலியாகவும் 40 கூடும். கழிக்கும்போது அந்த நாற்பது தானே அடிபட்டுவிடும். ஒரு மேடையின் மொத்தத்தில் இன்னொரு மேடையின் காலியைக் கழித்தால், இரண்டின் பிழையும் நிகர எடையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். வண்டிக் கதவில் பெயிண்டால் எழுதியிருக்கும் காலி எடையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அது வண்டி புதிதாக வந்த நாளில் எழுதியது. அதற்குப் பிறகு பாடி மாறியிருக்கும், ஸ்டெப்னி டயர், தார்ப்பாய், கயிறு, தண்ணீர் டிரம் எல்லாம் சேர்ந்திருக்கும்.

நல்லவேளையாக அந்த வண்டி இறக்கிய பின் ஊரைவிட்டுப் போகவில்லை. அதே உள்ளூர் மேடையில் காலியாக ஏற்றினோம். 9,070 வந்தது. 24,020-ல் 9,070 போனால் 14,950. 250 கிலோ குறைவு என்றது இப்போது 80 கிலோவாகக் குறைந்துவிட்டது. கணக்குப்பிள்ளை, "சரி, 80 கிலோவுக்கு மட்டும் டெபிட் நோட் போடலாம்" என்றார். நான் வேண்டாம் என்றேன். ஒருமுறை அவசரப்பட்டது போதும்.

இறக்கிய மூட்டைகளை எண்ணினோம். முந்நூறும் இருந்தன. தையல் எதுவும் பிரிந்திருக்கவில்லை. அடுக்கில் மேல், நடு, அடி என்று முப்பது மூட்டை எடுத்து எங்கள் தராசில் போட்டோம். முப்பதும் சேர்ந்து 1,502 கிலோ 500 கிராம். முந்நூறுக்குக் கணக்கிட்டால் 15,025. மில்காரர் எடை 15,030. ஐந்து கிலோவில் சரக்கு சரியாக வந்திருக்கிறது. அப்படியானால் 80 கிலோவைத் தின்றது நம்மூர் மேடை.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அங்கே போட்ட காலி எடை 9,240-ல் டீசல் 166 போனால் 9,074. நம்மூர் மேடை காட்டியது 9,070. காலி வண்டிக்கு மேடை சரியாகவே எடை போட்டிருக்கிறது. அதே கணக்கில் பாரத்தோடு 24,104 வந்திருக்க வேண்டும், வந்தது 24,020. பிழை பாரம் ஏறும்போது மட்டும்தான் வருகிறது. விகிதப்படி குறைவாகக் காட்டும் மேடையாக இருந்தால் காலி வண்டியிலும் முப்பது கிலோவுக்கு மேல் குறைந்திருக்கும். இது வேறு நோய்.

அடுத்த லாரி வந்தபோது மேடைக்காரரிடம் சொல்லி ஒரு சோதனை செய்தோம். பாரத்தோடு வண்டியை மேடையின் முன்பக்கம் ஒட்டி நிறுத்தி ஒரு எடை, நடுவில் ஒன்று, பின்பக்கம் ஒட்டி ஒன்று. நல்ல மேடையில் மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக வர வேண்டும். இங்கே முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் 70 கிலோ வித்தியாசம் வந்தது. மேடைக்காரர் நல்ல மனிதர். மழுப்பாமல் மெக்கானிக்கை அழைத்தார். மேடைத் தகட்டின் ஓரத்துக்கும் சுற்றுச் சுவருக்கும் நடுவே விடும் இடைவெளியில், ஒரு பக்கம் முழுவதும் மண்ணும் ஜல்லியும் இறுகிக் கிடந்தன. காலி வண்டி ஏறும்போது மேடை அவ்வளவாக அமுங்காது, தடை தெரியாது. பாரம் ஏறியதும் தகடு சற்றே கீழே இறங்கும். அப்போது ஓரம் ஜல்லியில் உட்கார்ந்து, பாரத்தின் ஒரு பங்கை லோடு செல்லுக்குப் போகவிடாமல் சுவரே தாங்கிக்கொள்கிறது. அதனால்தான் பாரத்தில் மட்டும் எடை குறைந்தது. சுத்தம் செய்தபின் மூன்று இடத்து எடையும் பத்து கிலோவுக்குள் வந்தது.

மேடையில் முத்திரை இருந்ததா என்று கேட்பீர்கள். இருந்தது. தொழிலாளர் துறை முத்திரை ஆய்வாளர் ஆண்டுக்கு ஒரு முறை எடைக்கற்கள் வைத்துப் பார்த்து முத்திரையிடுகிறார். அவர் பார்த்த நாளில் சரியாகத்தான் இருந்திருக்கும். பிறகு இரண்டு மழை பெய்து மண் இறங்குவதற்கு அவர் என்ன செய்வார்? மேலும், பிழை அறவே இருக்கக்கூடாது என்று சட்டமும் சொல்லவில்லை. பத்து பத்து கிலோவாகக் காட்டும் மேடை, உபயோகத்தில் இருக்கும்போது 24 டன்னில் முப்பது கிலோ வரையும், 9 டன்னில் இருபது கிலோ வரையும் முன்பின் போகலாம். மொத்தத்தில் கூடி, காலியில் குறைந்தால் நிகர எடையில் ஐம்பது வரை வந்துவிடும். இரண்டு ஊரின் மேடைகள் எதிரெதிர்ப் பக்கம் பிழைத்தால், இருவரும் யோக்கியர்களாக இருந்தும் நிகரத்தில் நூறு கிலோ வித்தியாசம் வரலாம். அவ்வளவு தூரம் போவது அபூர்வம்தான். ஆனாலும் இருபது, முப்பது கிலோவுக்கு டெபிட் நோட் எழுதுகிறவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இதைப் படித்துவிட்டு மில்காரர்கள் எல்லாரும் உத்தமர்கள் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். டீசல் விஷயம் எதிர்ப்பக்கமும் வேலை செய்யும். ஏற்றும் ஊரில் காலி எடை போட்டபின் 200 லிட்டர் டீசல் நிரப்பிக்கொண்டு போய் பாரம் ஏற்றினால், நிகர எடையில் 166 கிலோ சும்மா ஏறிவிடும். அதற்கு நாம் பருப்பு விலை கொடுத்துக்கொண்டிருப்போம். காலி எடையின்போது டிரைவரும் கிளீனரும் இறங்கி நிற்பதும், பாரத்தின்போது இருவரும் மேலேயே உட்கார்ந்திருப்பதும் அதே ரகம்தான். மழையில் நனைந்த தார்ப்பாயோடு பாரம் போட்டு, காய்ந்த பிறகு காலி போட்டாலும் அப்படியே. புளி, வெல்லம், மிளகாய் வியாபாரிகளுக்கு வழியில் உண்மையாகவே ஈரம் குறையும். அது வேறு கணக்கு. இதோடு சேர்த்துக் குழப்பக்கூடாது.

என் யோசனை இதுதான். சரக்கு வரும்போது மொத்த எடைச் சீட்டு, காலி எடைச் சீட்டு இரண்டும் வேண்டும் என்று கேளுங்கள். இரண்டிலும் ஒரே மேடையின் பெயர், வண்டி நம்பர், தேதி, நேரம் இருக்கிறதா என்று பாருங்கள். நேரம் முக்கியம், இடையில் ஒரு நாள் கழிந்திருந்தால் டீசல் பற்றி டிரைவரிடம் விசாரியுங்கள். உங்கள் ஊரில் பாரம் போட்ட மேடையிலேயே இறக்கியபின் காலியும் போடுங்கள். இன்னொரு வாடகை கிடைத்துவிட்டது என்று டிரைவர் அவசரப்படுவார்; அவருக்கு டீக்காசு கொடுத்தாவது நிறுத்துங்கள். அதன்பின் நிகரத்தை நிகரத்தோடு மட்டும் ஒப்பிடுங்கள். 15 டன் பாரத்தில் ஐம்பது கிலோ வரை யாரும் யாரையும் கேட்பதில்லை என்று எழுத்தில் பேசிக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் மூட்டை எண்ணி, முப்பது மூட்டை எடை போட்டபின்பே தொலைபேசியை எடுக்க வேண்டும். "எங்கள் ஊர் எடையே இறுதி" என்று பில்லில் அச்சடித்து அனுப்புகிற மில்காரர்களோடும் இதே நிபந்தனையைப் பேசலாம். சங்கம் ஒரு மாதிரிப் படிவம் தயாரித்துக் கொடுத்தால் சிறு கடைக்காரர்களுக்கு உதவியாக இருக்கும் என்று செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

நான் டெபிட் நோட்டை ரத்து செய்து, 25,000 ரூபாயையும் அனுப்பி, நடந்ததை விவரமாகக் கடிதமும் எழுதினேன். மில்காரர் அடுத்த லாரிக்குச் சரக்கு அனுப்பினார். பில்லோடு அவர் மேடையின் இரண்டு சீட்டும் பின் குத்தி இருந்தன. காலி எடைச் சீட்டின் ஓரத்தில், டாங்கியில் எத்தனை லிட்டர் டீசல் இருந்தது என்று அவர் கையாலேயே எழுதியிருந்தார்.