எஸ்-கர்வ் போட்டா மட்டும் தண்ணி தளும்பாதா?

திண்டிவனத்துல இருந்து எங்க ஊரு செஞ்சிக்கு பஸ்ல நின்னுகிட்டே வந்திருக்கீங்களா? பிரேக் பிடிக்கும்போதுகூட கம்பியைப் பிடிச்சுகிட்டு சமாளிச்சிடலாம். வண்டி நிக்கிற அந்தக் கடைசி நொடியிலதான் பக்கத்துல இருக்கிறவர் மேல விழுவோம். முடுக்கம் திடீர்னு பூஜ்யமாகிறதுதான் காரணம். முடுக்கம் மாறுற அந்த வேகத்துக்குப் பேருதான் ஜெர்க். நல்ல டிரைவர் நிக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னாடியே பிரேக்கை லேசா விடுவார்.

சர்வோ மோட்டார்லயும் இதே கதைதான். தண்ணி நிரப்பின கப்பை நகர்த்தும்போது சிந்துதா? நம்மாளுங்க ரெண்டே வைத்தியம் சொல்றாங்க. ஒண்ணு, "முடுக்கத்தைக் குறை". இன்னொண்ணு, "எஸ்-கர்வ்ல 50 மில்லி செகண்ட் போடு". ரெண்டுமே அரைகுறைன்னு நான் சொல்றேன். கணக்குப் போட்டே பார்ப்போம்.

7 செ.மீ. விட்டமுள்ள கப், விளிம்புக்குக் கீழே 10 மி.மீ. இடம். 1.5 மீட்டர் தூரத்தை நொடிக்கு 1 மீட்டர் வேகத்துல, 2 m/s² முடுக்கத்துல கடக்கணும். இந்த முடுக்கத்துக்குத் தண்ணி சாய்ஞ்சு ஓரத்துல சுமார் 7 மி.மீ. ஏறும். ஆனா முடுக்கம் ஒரே அடியா வந்தா, ஊஞ்சல் மாதிரி அதைத் தாண்டிப் போய் சுமார் 14 மி.மீ. ஏறும். சிந்தாம என்ன செய்யும்?

தண்ணி ஒரு தடவை ஆடி முடிக்கிற நேரம்தான் மேட்டர். கப்போட ஆரத்தைவிட தண்ணி ஆழமா இருந்தா கணக்கு இவ்வளவுதான்:

```
T = 2π · √( R / (1.84·g) )
```

நம்ம கப்புக்கு 0.28 நொடி. முடுக்கம் பூஜ்யத்துல இருந்து 2-க்குப் போற நேரத்தை அதே 0.28-ஆ வெச்சா, கடைசியில வர்ற தள்ளல் முதல்ல வந்த தள்ளலை ரத்து பண்ணிடும். தண்ணி 7 மி.மீ. சாய்ஞ்சு அப்படியே நிக்கும். 50 மில்லி செகண்ட் போட்டீங்கன்னா கூடுதல் ஆட்டத்துல கிட்டத்தட்ட 95 சதவீதம் அப்படியே இருக்கும். பேரு மட்டும் எஸ்-கர்வ்!

சரி, முடுக்கத்தைப் பாதியாக்கினா? சிந்துறது குறையும், உண்மைதான். ஆனா 2 நொடி வேலை 2.5 நொடி ஆகும், நின்ன பிறகும் தண்ணி ஆடிகிட்டே இருக்கும். சரியான எஸ்-கர்வுக்கு 2.28 நொடி போதும், நின்னதும் தண்ணியும் நிக்கும்.

உங்க டிரைவ்ல எஸ்-கர்வே இல்லையா? கட்டளை வேகத்துக்கு 280 மில்லி செகண்ட் நகரும் சராசரி வடிகட்டி போடுங்க, அதே பலன்தான். ஆனா மார்லின்ல `jerk`னு பார்த்து ஏமாறாதீங்க. அது திடீர்னு அனுமதிக்கிற வேக மாற்றம், அலகே mm/s.

ஒரு எச்சரிக்கை: 10 செ.மீ. கப்புக்கு மாறினா நேரம் 0.33 ஆகிடும். கப் மாறினா எண்ணும் மாறணும். சந்தேகமா இருந்தா கப்பைத் தட்டிவிட்டு மொபைல்ல படம் பிடிச்சு, பத்து ஆட்டத்தை எண்ணி வகுத்துக்கோங்க.

"இல்ல, 50 போதும்"னு சொல்றவங்க கணக்கோட பின்னூட்டத்துக்கு வாங்க, கும்மலாம்.