வரி கேட்டு வரும் செய்திகள்: செயற்குழுவின் நிலைப்பாடு

போலி வரிச் செய்திகளைப் பற்றிக் கடந்த பொதுக்கூட்டத்தில் நடந்தது ஃபேரர் பார்க் வட்டார உறுப்பினர்கள் எல்லோருக்கும் தெரியும்; அதைத் திரும்ப எழுதப் போவதில்லை. அன்று இரண்டு தீர்மானங்கள் வந்தன. கைப்பேசியிலோ மின்னஞ்சலிலோ வரும் எந்த வரிச் செய்தியையும் கண்டுகொள்ள வேண்டாம் என்று சங்கம் அறிவிக்க வேண்டும் என்பது ஒன்று. உறுப்பினர்களின் சிங்பாஸை வாங்கிவைத்து, உண்மையா பொய்யா என்று சங்க அலுவலகமே பார்த்துச் சொல்ல வேண்டும் என்பது மற்றொன்று. நீண்ட விவாதத்துக்குப் பிறகு பெரும்பான்மைக் கருத்தின்படி இரண்டையும் செயற்குழு ஏற்கவில்லை. காரணங்கள் கீழே.

முதல் தீர்மானத்தின் பின்னால் இருக்கும் கோபம் எங்களுக்கும் உண்டு. ஆனால் உண்மையான நோட்டிஸைப் பொய் என்று தூக்கிப் போட்டவரும் பணம் இழக்கிறார். நம்மில் பலர் தனி உரிமையாளர்கள். கடை வருமானத்துக்கான வரி நம் சொந்த வருமான வரிக் கணக்கில்தான் வருகிறது. மதிப்பீட்டு நோட்டிஸில் மே 12 என்று தேதியிட்டு 2,400 வெள்ளி கட்டச் சொல்லியிருப்பதாக வைத்துக்கொள்வோம். ஜைரோ தவணை ஏற்பாடு இல்லாதவர் ஜூன் 12-க்குள் கட்ட வேண்டும். தொகை தவறு என்று ஆட்சேபம் தெரிவித்தாலும் கட்டிவிட்டுத்தான் காத்திருக்க வேண்டும். கெடு தாண்டினால் 5 விழுக்காடு, அதாவது 120 வெள்ளி அபராதம். அதன் பிறகும் நீண்ட நாள் கட்டாமல் இருந்தால் மாதம் ஒரு விழுக்காடு வீதம், 12 விழுக்காடு வரை ஏறும். உள்நாட்டு வருவாய் ஆணையம் நம் வங்கிக்கே எழுதிக் கணக்கிலிருந்து வரியை எடுத்துக்கொள்ளவும் சட்டத்தில் இடமிருக்கிறது. "பொய்ச் செய்தி என்று நினைத்தேன்" என்று நியூட்டன் ரோட்டில் போய்ச் சொன்னால் அபராதம் தள்ளுபடியாகும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

மேலே சொன்ன வரிசையை உறுப்பினர்கள் நன்றாக மனதில் வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறோம். உண்மையான வரி வசூல் மாதக்கணக்கில் நடப்பது. ஒவ்வொரு கட்டத்துக்கும் தேதியும் கடிதமும் உண்டு. இரண்டு மணி நேரத்தில் கட்டு, இல்லாவிட்டால் போலிஸ் கடைக்கு வரும் என்று வருவாய் ஆணையம் மிரட்டாது. ஞாயிறு மாலை, சிராங்கூன் ரோட்டில் கால் வைக்க இடமில்லாத கூட்டத்தில், கல்லாவில் தனியாக நிற்பவருக்கு இப்படி ஒரு செய்தி வந்தால் அவர் நின்று யோசிக்க முடியாது. அந்த அவசரத்தை நம்பித்தான் இந்தத் திருடர்கள் பிழைக்கிறார்கள். இப்படி ஏமாந்த ஓர் உறுப்பினரைப் பார்த்து "இது கூடத் தெரியாதா" என்று வாட்ஸ்அப் குழுவில் சிரித்தவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறோம். வெட்கத்தால் வாயை மூடிக்கொண்டவர் வங்கிக்குச் சொல்லத் தாமதித்த ஒவ்வொரு நிமிடத்திலும் அந்தச் சிரிப்புக்குப் பங்கு உண்டு.

அனுப்புநர் பெயரைப் பார்த்தால் போதாதா என்று சிலர் கேட்டார்கள். ஓரளவு உதவும். 2024 ஜூலை 1 முதல் அரசாங்க அமைப்புகள், ஒரு சிலவற்றைத் தவிர, gov.sg என்ற ஒரே பெயரில்தான் குறுஞ்செய்தி அனுப்புகின்றன. பதிவு செய்யாத பெயரில் வரும் குறுஞ்செய்தியின் தலையில் Likely-SCAM என்று விழும். ஆனால் இந்தப் பாதுகாப்பு சாதாரணக் குறுஞ்செய்திக்கு மட்டுமே. ஆப்பிள், கூகல் கைப்பேசிகளின் அரட்டைச் செய்திகள் வேறு வழியாக வருகின்றன. அவற்றில் எவரும் தம் பெயரை gov.sg என்று வைத்துக்கொள்ள முடிந்ததால்தான், 2025 நவம்பரில் உள்துறை அமைச்சு அதைத் தடுக்கச் சொல்லி அந்த இரு நிறுவனங்களுக்கும் உத்தரவு போட்டது. மின்னஞ்சலில் நிலைமை இன்னும் மோசம். பெயர் இருக்கும் இடத்தில் யார் பெயரையும் எழுதலாம்.

இணைப்பின் முகவரியும் இப்படித்தான் ஏமாற்றும். https:// என்பதற்குப் பின் வரும் முதல் சாய்கோட்டுக்கு முன்னால் முகவரி எதில் முடிகிறது என்பதே கணக்கு. mytax.iras.gov.sg என்பது, முன்னால் உள்ள புள்ளியோடு சேர்த்து, .gov.sg-இல் முடிகிறது. அதே எழுத்துகளுக்குப் பின் இன்னொரு புள்ளி வந்து வேறு பெயர் தொடர்ந்தால் அது வேறு யாருடைய தளமோ. கைப்பேசித் திரையில் நீண்ட முகவரியின் வால் தெரிவதே இல்லை.

ஆகவே செயற்குழுவின் நிலைப்பாடு இதுதான். செய்தி உண்மையா பொய்யா என்று ஆராய்வதை உறுப்பினர்கள் விட்டுவிடலாம். எந்தச் செய்தி வந்தாலும் அதிலுள்ள இணைப்பைத் தொடாமல், mytax.iras.gov.sg என்று தாமே தட்டி, தம் சிங்பாஸால் உள்ளே போக வேண்டும். நோட்டிஸ் உண்மையென்றால் அங்கே அதன் தேதியும் தொகையும் கெடுவும் இருக்கும். அங்கே ஒன்றுமில்லை என்றால், செய்தி எவ்வளவு மிரட்டினாலும் ஒரு காசும் கட்ட வேண்டியதில்லை. கடிதமாக வந்ததையும் இப்படியே ஒத்துப் பாருங்கள். பணத்தைத் திருப்பித் தருகிறோம் என்று ஆசை காட்டும் செய்திக்கும் இதுவே வழி; திரும்ப வேண்டிய பணத்தை வருவாய் ஆணையம் பேநவ் வழியாகவோ வங்கிக் கணக்கிலோ போடும். அதற்கு அட்டை எண்ணும் ஒருமுறைக் கடவுச்சொல்லும் எதற்கு?

இரண்டாம் தீர்மானத்தைப் பற்றி மென்மையாகப் பேச முடியவில்லை. சிங்பாஸ் என்பது வரிக்கு மட்டுமான சாவியல்ல. மசேநிதி, வீடு, வங்கிக் கணக்குத் திறப்பது எல்லாம் அதே ஒன்றில். அதன் கடவுச்சொல்லைத் துண்டுத் தாளில் எழுதிக் கணக்கு எழுதுபவரிடம் கொடுத்துவைத்திருக்கும் உறுப்பினர்கள் நம்மிடையே இருக்கிறார்கள் என்பது பொதுக்கூட்டத்தில்தான் வெளிவந்தது. பத்துக் கடைகளின் சாவியை ஒரே மேசை இழுப்பறையில் வைத்திருப்பவரும், அதற்கு மாதக் கட்டணம் வாங்குபவரும் தயவுசெய்து இதை நிறுத்த வேண்டும். 'தயவுசெய்து' என்ற சொல் குழுவில் சிலரின் விருப்பத்துக்காகச் சேர்க்கப்பட்டது. நிறுவனங்களின் வரி வேலையைக் கணக்காளரிடம் விட கார்ப்பாஸ் வழியாக முறையாக அதிகாரம் கொடுக்கலாம். நம் கடவுச்சொல்லை அவர் அறியத் தேவையே இல்லை. சங்க அலுவலகம் எவருடைய சிங்பாஸையும் வாங்காது. திரை படிக்கச் சிரமப்படும் மூத்த உறுப்பினர்கள் வந்தால் ஊழியர் பக்கத்தில் இருந்து படித்துச் சொல்வார். தட்டுவது அவர்கள் விரலாகவே இருக்கும். போலித் தளங்கள் சிங்பாஸ் கியூஆர் குறியீட்டையும் காட்டுவதுண்டு. ஸ்கேன் செய்ததும் செயலியில் தெரியும் தள முகவரியைப் படிக்காமல் ஒப்புதல் கொடுக்காதீர்கள்.

இந்தியாவில் பான் அட்டை வைத்திருப்போருக்கு: 2019 அக்டோபர் 1 முதல் அந்நாட்டு வருமான வரித் துறை அனுப்பும் நோட்டிஸ்களில் ஆவண அடையாள எண் இருக்க வேண்டும். அந்த எண்ணை incometax.gov.in தளத்தில் போட்டுச் சரிபார்க்கலாம்.

வரி அறிவிப்புகள் தமிழிலும் வர வேண்டும் என்று உரியவர்களிடம் கோர உள்ளோம்.

போலிச் செய்தியை நம்பி ஏற்கெனவே பணம் கட்டிவிட்டவர் முதலில் தம் வங்கியை அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லட்டும், பிறகு போலிஸில் புகார் கொடுக்கட்டும். சந்தேகம் மட்டும் இருந்தால் 1799 என்ற ஸ்காம்ஷீல்ட் எண் எந்நேரமும் உண்டு. சங்கக் குழுவில் ஒரு செய்தியைப் பகிர்ந்து "இது உண்மையா அண்ணே?" என்று கேட்பதை இயன்றவரை தவிர்க்கவும், அந்த இணைப்பை வேறு நாலு பேர் தட்டிவிடுகிறார்கள். படமாக எடுத்துப் போடுவதில் ஆட்சேபமில்லை.

இந்த நிலைப்பாட்டுக்கு உடன்படாத இரு உறுப்பினர்களின் கருத்து கூட்டக் குறிப்பில் பதிவாகியுள்ளது. இழுப்பறையில் உள்ள துண்டுத் தாள்களைத் திரும்ப வாங்கிக் கடவுச்சொல்லை மாற்ற, அடுத்த கூட்டம் வரை காத்திருக்க வேண்டாம்.