கேட்கும் முன் எவ்வளவு சொல்வது?

"நிஜ வாழ்க்கையில் முன்னுரை கிடையாது, ஒலிப்பதிவை நேரே போடுங்கள்" என்கிறார்கள். சந்தையில் நிற்பவருக்கு எதிரில் யார், என்ன பேச்சு என்று முன்பே தெரியுமே! வகுப்பில் இருப்பதோ வெறும் ஒலிபெருக்கி. வீட்டில் தமிழ் பேசும் காந்தலூர்ப் பிள்ளைகளுக்குப் பூண்டு வியாபாரம் பற்றிய ஒரு நிமிட ஆங்கிலப் பதிவென்றால், பேசுவோர் யார் என்பதும் ஓரிரு புதுச் சொற்களும் போதும். அதிகம் சொன்னால் கேட்காமலே விடை வரும் என்ற ஆட்சேபம் நியாயமானதே. அதற்குத்தான் கேள்விகளைப் பதிவுக்கு முன்பே கொடுத்துப் பார்ப்பது; சரியாக எழுதிவிட்டால் கேள்விதான் பழுது. பூண்டு எங்கே விளைகிறது என்று கேட்பது வீண். எத்தனை மூட்டை என்று கேட்கலாம். 'ஃபிஃப்டீன்' என்றதை ஐம்பது என்று எழுதினால், தவறென்று கோடிட்டு நகர்வது வெறும் சோதனை. கேட்டல் கற்பித்தல் பற்றி ஜான் ஃபீல்டு 2008இல் வெளியிட்ட நூல் சுட்டிக்காட்டும் குறையும் இதுவே. அந்த ஒரு வரியை மட்டும் மறுபடி போட்டு, அழுத்தம் முதல் அசையிலா இரண்டாவதிலா என்று கேட்க வைக்க வேண்டும்.