"டேட்டா இஸ்"ஸை விடுங்க, "க்ரைட்டீரியா இஸ்"ஸைப் பிடிங்க

யாராவது "டேட்டா இஸ்" என்று எழுதினா போதும், "டேட்டம்தான் ஒருமை, டேட்டா பன்மை" என்று லத்தீன் பாடம் எடுக்க நாலு பேர் வந்துருவாங்க. அதுல ரெண்டு பேர் நம்ம டாக்டர்மார். அதே ஆட்கள் டிஸ்சார்ஜ் சம்மரியில "மைனர் க்ரைட்டீரியா இஸ் பாசிட்டிவ்" என்று எழுதுவாங்க. என் சண்டை அதோடதான்.

டேட்டாவைத் தண்ணி மாதிரி அளக்கலாம், எண்ண வேண்டாம். அதனால "இஸ்" போட்டா ஒண்ணும் கெட்டுப்போகாது. அஜெண்டாவும் லத்தீன்ல பன்மைதான், இன்னைக்கு யார் கவலைப்படுறா? ஆனா க்ரைட்டீரியா எண்ணுறதுக்குன்னே இருக்கிற சொல்.

கொட்டாரத்துல என்கிட்ட 11 வயசுப் பிள்ளைய கூட்டிட்டு வந்தாங்க. முட்டு வீங்கி, அப்புறம் கணுக்கால் வீங்கி, வேற ஊர்ல அட்மிட் ஆகி வந்த பிள்ளை. ருமாட்டிக் காய்ச்சலுக்கு ஜோன்ஸ் க்ரைட்டீரியா உண்டு, 1944-ல வந்தது, கடைசியா 2015-ல திருத்தினாங்க. ஸ்ட்ரெப் கிருமி வந்துபோன ஆதாரத்தோட, ரெண்டு மேஜர் வேணும், இல்லன்னா ஒரு மேஜரும் ரெண்டு மைனரும் வேணும். சம்மரியில ஏ.எஸ்.ஓ கூடுதல், மேஜர் ஒண்ணு, மூட்டு வீக்கம். அடுத்த வரி: "மைனர் க்ரைட்டீரியா இஸ் பாசிட்டிவ்". ஒண்ணா, ரெண்டா?

லேப் தாள்ல ஈ.எஸ்.ஆர், சி.ஆர்.பி ரெண்டும் ஏறியிருக்கு. பார்த்தா ரெண்டு மாதிரி தெரியும். ஆனா கணக்குல ரெண்டும் சேர்ந்து ஒரே க்ரைட்டீரியன். வார்டுக்குப் போன் பண்ணி சார்ட்டை வாசிக்கச் சொன்னேன். முதல் நாள் காய்ச்சல் 39 டிகிரி. அப்போதான் ரெண்டாச்சு. எக்கோவுல இதயம் பாதிக்கலைன்னாலும், மூணு வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி, 21 வயசு வரை. பத்து வருஷ ஊசி அந்த ஒரு "இஸ்"ல தொங்கிட்டு இருந்துது, மக்களே.

இதுக்கு ஆளைக் கேலி பண்ணாதீங்க. நாம "மாடுகள் வந்தது" என்றுதான் பேசுறோம், "வந்தன" எழுத்துல மட்டும். வேடிக்கை என்னன்னா, பழைய கிரேக்கத்திலயும் அஃறிணைப் பன்மைக்கு ஒருமை வினைதான் வழக்கம். க்ரைட்டீரியா அங்கிருந்து வந்த சொல்லு! அதனால "கிரேக்க இலக்கணம்" என்று மிரட்டுறது எடுபடாது. இங்கிலீஷ்ல எண்ணிக்கை தெரியணும், அவ்வளவுதான்.

சரிபார்க்க ஒரு வழி. எழுவாய்க்கும் வினைக்கும் நடுவுல இருக்கிறதை அடிச்சுட்டு வாசிங்க. "க்ரைட்டீரியா ஃபார் டயக்னோசிஸ் இஸ்" என்று எழுதும்போது பக்கத்துல நிக்கிற டயக்னோசிஸ்தான் "இஸ்"ஸை இழுக்குது. அதை எடுத்தா தப்பு தானா தெரியும். பிறகு எத்தனை என்று கேளுங்க. ஒண்ணுன்னா க்ரைட்டீரியன் இஸ், கூடுதல்னா க்ரைட்டீரியா ஆர். முடிஞ்சா எண்ணையும் எழுதிருங்க.

உடனே "ஆ"வில முடியுற எல்லாத்தையும் பன்மையாக்கிராதீங்க. லேப்ல கல்ச்சர் மீடியா பன்மை, ஒண்ணுன்னா மீடியம். ஆனா காதுல வர்ற ஓடைட்டிஸ் மீடியாவுல அந்த மீடியா பன்மையே இல்ல, "நடு" என்கிற லத்தீன் பெயரடை. அதைத் திருத்தி "ஓடைட்டிஸ் மீடியா ஆர்" என்று எழுதின ஆளையும் பார்த்திருக்கேன்.